ஆக்சிஜன் கொடுத்தும் ஏன் ஏறவில்லை? உதகையில் கேட்கப்படும் கேள்விகள்

மெட்ராஸில் இருந்தவரை அம்மாவுக்கு 98 காட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர், ஊட்டிக்கு வந்ததிலிருந்து 93 தான் காட்டுகிறது. இது நோயா?

அவருக்கு மூச்சுத் திணறலோ காய்ச்சலோ இல்லையென்றால் நோயல்ல. அது உயரத்தின் கணக்கு. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 சதவீதம்தான். குறைந்திருப்பது காற்றின் மொத்த அழுத்தம்: சென்னையில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக உள்ளது இங்கே சுமார் 580 ஆகிவிடுகிறது. மூச்சுக்குழாய்க்குள் காற்று நனையும்போது நீராவி அதில் 47-ஐ எடுத்துக்கொள்ளும். மீதியில் 21 சதவீதத்தைக் கணக்கிட்டால், உள்ளே போகும் ஆக்சிஜனின் அழுத்தம் சென்னையில் 150, உதகையில் 112.

நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள நுண்காற்றறைகளில், இரத்தம் கொண்டுவந்து விடும் கார்பன் டை ஆக்சைடுக்கும் இடம் வேண்டும். அதையும் கழித்தால் அங்கே சென்னையில் 100, உதகையில் 67 என்ற அளவில் ஆக்சிஜன் அழுத்தம் நிற்கும். 67 என்ற அழுத்தத்தில் ஹீமோகுளோபின் 93 சதவீதம் அளவுக்கே நிரம்பும். இந்த எண்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் பதில்கள் பலவும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன.

ஒரே வார்டில் இரண்டு பேர். இருவருக்கும் ஆக்சிஜன் 77. ஒருவருக்கு 2 லிட்டர் வைத்ததும் 91 ஆகிவிட்டது. மற்றவருக்கு 15 லிட்டர் வைத்தும் 88-க்கு மேல் ஏறவில்லை. ஒரே ஆக்சிஜன்தானே?

ஆக்சிஜன் ஒன்றுதான், அது போய்ச் சேரும் இடம்தான் வேறு. இதை விளக்க அந்த இருவரையும் சற்று விரிவாகக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர் அறுபது வயதைக் கடந்த அம்மா. புகை சூழ்ந்த விறகடுப்பின் முன் நாற்பது ஆண்டுகள் சமைத்து, மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிப்போனவர். இப்போது சளி பிடித்து அந்தக் குழாய்கள் மேலும் அடைபட்டிருக்கின்றன. இரண்டாமவர் கேத்தியில் கேரட் பயிரிடும் நாற்பது வயதுக்காரர். நிமோனியாவால் வலது நுரையீரலின் பெரும்பகுதியில் நுண்காற்றறைகள் சீழ்நீரால் நிரம்பிக் கெட்டிப்பட்டுவிட்டன.

அந்த அம்மாவின் நுரையீரலில் பல நுண்காற்றறைகளுக்குக் காற்று போகிறது, ஆனால் மெதுவாக, கொஞ்சமாகப் போகிறது. அவற்றைச் சுற்றி ஓடும் இரத்தமோ வழக்கமான வேகத்தில் ஓடி, வந்த ஆக்சிஜனை உடனுக்குடன் வாரிக்கொண்டு போகிறது. வரத்து குறைவு, எடுப்பு அதிகம் என்பதால் அந்த அறைகளில் ஆக்சிஜன் அழுத்தம் 67-இலிருந்து 45 வரைகூட இறங்கிவிடுகிறது. இதைத்தான் காற்றோட்டத்துக்கும் இரத்த ஓட்டத்துக்கும் இடையிலான பொருத்தமின்மை என்கிறோம். இப்போது 2 லிட்டர் ஆக்சிஜனை மூக்குக் குழலில் வைத்தால், அவர் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 28 சதவீதம் ஆகிறது. குழாய் அகலமாகவில்லை, உள்ளே நுழையும் காற்றின் அளவும் கூடவில்லை, ஆனால் நுழைகிற ஒவ்வொரு மடக்குக் காற்றிலும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அந்த அறைகளில் அழுத்தம் உயர அதுவே போதும்.

கேரட் விவசாயியின் கெட்டிப்பட்ட அறைகளுக்குக் காற்று போகவே இல்லை. ஆனால் இரத்தம் அவற்றின் ஊடாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வந்தபடியே, சிரை இரத்தமாகவே, அது மறுபக்கம் போய் நல்ல இரத்தத்துடன் கலந்துவிடுகிறது. இதற்கு ஷண்ட் என்று பெயர். காற்றைத் தொடாமல் குறுக்கு வழியில் போகும் இரத்தம் என்று பொருள் கொள்ளலாம்.

தேயிலைத் தோட்டத்தில் ஒற்றையடிப் பாதை வழியாகத்தான் கூடைகள் வர முடியும் என்றால், கூடைகளின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாவிட்டாலும் ஒவ்வொரு கூடையிலும் இலையை அழுத்தி நிரப்பி அனுப்பலாம். பாதையில் மண் சரிந்து முழுவதும் அடைத்துவிட்டால், அந்தப் பக்கம் கூடையை எவ்வளவு நிரப்பி என்ன பயன்?

சரி, அடைபட்ட பகுதி போகட்டும். மிச்சமுள்ள நல்ல நுரையீரல் அதிகமாக ஆக்சிஜன் எடுத்து ஈடுகட்டக் கூடாதா?

பலரும் தடுமாறும் இடம் இது. நல்ல பகுதியில் கார்பன் டை ஆக்சைடை அதிகமாக வெளியேற்ற முடியும். வேகமாக மூச்சுவிட்டால் அது நடந்துவிடும். அதனால்தான் இப்படிப்பட்ட நிமோனியா நோயாளிக்கு ஆக்சிஜன் குறைந்திருக்கும்போதே கார்பன் டை ஆக்சைடும் இயல்பைவிடக் குறைந்திருப்பதை இரத்தவாயுப் பரிசோதனையில் காண்கிறோம். ஆக்சிஜன் விஷயத்தில் அப்படிச் செய்ய முடியாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைத்தான் பிடிக்கும். நூறு சதவீதம் நிரம்பிய பிறகு அதற்கு மேல் பிடிக்க அதனிடம் இடமில்லை.

அந்த விவசாயியின் இரத்தத்தைப் பத்துப் பங்காக வைத்துக்கொள்வோம். ஆறு பங்கு நல்ல நுண்காற்றறைகள் வழியாகவும், நான்கு பங்கு அடைபட்டவற்றின் வழியாகவும் போகிறது. ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதே செறிவு; உடல் முழுவதும் சுற்றிவரும்போது இரத்தம் அதில் ஏறத்தாழ 24 புள்ளியை இழந்து திரும்பும் என்று கொள்வோம். உதகையின் சாதாரணக் காற்றில் நல்ல ஆறு பங்கு 93 வரைதான் நிரம்பும். தமனியில் 77 இருந்தால் திரும்பி வரும் சிரை இரத்தத்தில் 53 இருக்கும். 93-ஐ ஆறாலும் 53-ஐ நான்காலும் பெருக்கிக் கூட்டினால் 770; பத்தால் வகுத்தால் 77. கணக்கு தனக்குத்தானே பொருந்துகிறது.

இப்போது ஆக்சிஜன் வைக்கிறோம். நல்ல ஆறு பங்கு 100 வரை ஏறிவிட்டது. நான்கு பங்கு இன்னும் சிரை இரத்தம்தான்; தமனியில் 84 ஆனால் அதில் 24 குறைந்து 60 இருக்கும். 100-ஐ ஆறாலும் 60-ஐ நான்காலும் பெருக்கிக் கூட்டிப் பத்தால் வகுத்தால் 84 வருகிறது. ஹீமோகுளோபினால் கிடைக்கும் லாபம் இங்கே முடிந்தது. இதற்கு மேல் ஆக்சிஜனைக் கூட்டும்போது அது இரத்த நீரில் கரைந்து மட்டுமே போக முடியும். அழுத்தம் 100 மில்லிமீட்டர் கூடினால் நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் கரைவது 0.3 மில்லிலிட்டர்தான். 15 லிட்டர் வேகத்தில் பையுள்ள முகக்கவசம் வைத்து நான்கைந்து புள்ளிகள் பெறுவது இந்தக் கரைசலால்தான். 84, 88 ஆகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது.

கவனித்திருப்பீர்கள்: 77-இலிருந்து 84-க்கு ஏறிய ஏழு புள்ளிகள் உண்மையில் நோயைச் சரிசெய்ததால் வந்தவை அல்ல. நல்ல பகுதியில் உயரத்தால் இருந்த குறையை நீக்கியதால் வந்தவை. ஷண்ட் அப்படியே இருக்கிறது.

காற்று போகாத இடத்துக்கு இரத்தம் ஏன் போக வேண்டும்? உடம்புக்கு அந்த அறிவு இல்லையா?

உண்டு. ஆக்சிஜன் குறைந்த நுண்காற்றறையை ஒட்டிய நுரையீரல் தமனிக் கிளைகள் தாமாகச் சுருங்கி, இரத்தத்தைக் காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடும். உடலின் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் இரத்தக் குழாய்கள் விரிவதே வழக்கம். நுரையீரல் மட்டும் நேர்மாறாக நடந்துகொள்கிறது. 1946-இல் ஸ்வீடனில் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் காட்டினார்கள்.

ஆனால் நிமோனியாவில் அழற்சிப் பொருட்கள் இந்தச் சுருக்கத்தைத் தடுத்துவிடுகின்றன. அடைபட்ட பகுதியில் குழாய்கள் திறந்தே கிடக்கும். இரத்தம் வீணாக ஓடும். இரத்தக் குழாயை விரிக்கும் சில மருந்துகளும் இதே கெடுதலைச் செய்யலாம். அழற்சி தணியத் தணிய இந்த அனிச்சை மீளும். எக்ஸ்ரேயில் வெள்ளை நிழல் அப்படியே இருக்கும்போதே ஆக்சிஜன் தேவை குறைந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வார்டில் உள்ள அந்த அம்மாவுக்கு 91 தானே இருக்கிறது, இன்னும் நாலு லிட்டர் கூட்டி 99 ஆக்கிவிடலாமே?

வேண்டாம். நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயில், கார்பன் டை ஆக்சைடு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை என்பதே இலக்கு. முன் பதிலில் சொன்ன தமனிச் சுருக்கம்தான் இங்கே அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் கொடுத்தால், காற்றோட்டம் குறைந்த அறைகளின் இரத்தக் குழாய்கள் "இங்கே ஆக்சிஜன் உண்டு" என்று ஏமாந்து விரிந்துவிடும். இரத்தம் அங்கே பாயும். ஆனால் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும் காற்றோட்டம் அங்கே இல்லை. ஆக்சிஜன் நிரம்பிய ஹீமோகுளோபின் தன்னிடமுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கைவிடுவதும், மூச்சு சற்றுத் தளர்வதும் சேர்ந்துகொண்டால் சில மணி நேரத்தில் அவர் மயக்கமான தூக்கத்தில் ஆழ்வார். திரையில் 99 இருக்கும். எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். என் அனுபவத்தில் இரவுப் பணியில் மிகவும் ஏமாற்றுகிற காட்சி இதுதான். எழுப்பினால் குழறுகிறார், கை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடக்கிறது என்றால் ஆக்சிஜனை நிறுத்திவிடாமல் இலக்குக்குக் குறைத்து, உடனே இரத்தவாயுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

இது எந்த வகை என்று வார்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கருவியை நம்பலாமா என்று பாருங்கள். மலைக்குளிரில் விரல் உறைந்திருந்தால் ஆக்சிமீட்டர் துடிப்பைச் சரியாகப் பிடிக்காது. கையைக் கம்பளிக்குள் சூடாக்கி, நகச்சாயம் இருந்தால் துடைத்துவிட்டு, துடிப்பின் அலை ஒழுங்காக வருகிறதா, காட்டும் நாடித்துடிப்பு மணிக்கட்டில் எண்ணிய துடிப்புடன் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே எண்ணை எழுதுங்கள். அடுத்து, ஆக்சிஜன் உண்மையிலேயே நோயாளியைச் சேர்கிறதா என்பது. சிலிண்டர் காலியாகியிருப்பதும், குழாய் கட்டில் சக்கரத்தில் மிதிபட்டிருப்பதும், முகக்கவசத்தின் பை உப்பாமல் தட்டையாகக் கிடப்பதும் ஷண்ட் என்று பெயர் சூட்டப்பட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இவை சரியென்றால், ஆக்சிஜனைக் கூட்டிய பின் கால் மணி முதல் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காற்றோட்டம் குறைந்த அறைகளிலிருந்து நைட்ரஜன் வெளியேறி ஆக்சிஜன் அந்த இடத்தைப் பிடிக்க அவ்வளவு நேரம் ஆகும். இரண்டு நிமிடத்தில் "ஏறவில்லை" என்று முடிவு கட்டக் கூடாது. பொருத்தமின்மை என்றால் சிறிய அளவுக்கே நன்றாக ஏறும். பெரிய ஷண்ட் என்றால் ஒரு கட்டத்துக்கு மேல் ஓட்டத்தை இரட்டிப்பாக்கினாலும் ஓரிரு புள்ளிகளே கூடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். "ஆக்சிஜனுக்கு ஏறிவிட்டது, எனவே ஷண்ட் இல்லை" என்பது தவறு. பத்தில் இரண்டு பங்கு மட்டுமே குறுக்கே போகிறது என்றால், மேலே போட்ட கணக்கின்படியே, கரைந்து போகும் ஆக்சிஜனையும் சேர்த்தால், செறிவு 95-ஐத் தாண்டிவிடும். அப்போது ஷண்ட்டைக் காட்டிக்கொடுப்பது தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம்தான். உதகையில் ஒருவர் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அவரது நுண்காற்றறைகளில் 495 அளவுக்கு அழுத்தம் இருக்கும். பொருத்தமின்மை மட்டும் இருந்தால் தமனியிலும் அதற்கு அருகில் வந்துவிடும். நம் விவசாயிக்கு அது 60-ஐ ஒட்டியே நிற்கும். நடைமுறையில் நிமோனியா நோயாளி ஒருவருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். எது எவ்வளவு என்பதே கேள்வி. அந்த அம்மாவைப் போன்றவருக்கு இந்தத் தூய ஆக்சிஜன் சோதனையைச் செய்யக் கூடாது என்பதை மேலே சொன்னதே விளக்கும்.

ஆக்சிஜனால் ஏறாது என்றால் வேறு என்னதான் செய்வது?

காற்றைச் செறிவாக்குவதை விட்டு, இரத்தத்தையும் காற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கப் பார்க்க வேண்டும். செலவில்லாத முதல் வழி, படுக்கும் பக்கம். இரத்தம் புவியீர்ப்பால் கீழ்ப்பக்க நுரையீரலுக்கு அதிகமாகப் போகும். வலப்பக்கம் கெட்டிருக்கும் அந்த விவசாயியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தால், நல்ல இடது நுரையீரல் கீழே வந்து கூடுதல் இரத்தத்தைப் பெறும். குறுக்கே போவது நான்கு பங்கிலிருந்து மூன்றாகக் குறைந்தாலே அதே 15 லிட்டரில் 88 என்பது 93-ஐத் தாண்டும். தவறுதலாக வலப்பக்கம் படுத்துவிட்டால் நேர்மாறாக இறங்கும். வார்டில் திடீரென எண் சரிந்தால் முதலில் அவர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்று பாருங்கள். இது பெரியவர்களுக்கான விதி. கைக்குழந்தைகளுக்கு இப்படியே பொருந்தாது. இரு நுரையீரல்களும் பரவலாகக் கெட்டிருந்தால் குப்புறப் படுக்க வைப்பது உதவும்.

அடுத்தது அழுத்தம். சிபாப் கருவியோ வென்டிலேட்டரோ மூச்சு வெளியேறும்போதும் காற்றுப்பாதையில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைத்து, சுருங்கிப்போன அறைகளைத் திறந்து வைக்கும். நீர் கோத்த அல்லது சுருங்கிய அறைகளில் இது நன்றாக வேலை செய்யும். சீழ்நீரால் கல்போல் கெட்டிப்பட்ட ஒருபக்க நிமோனியாவில் பலன் குறைவு. நல்ல பக்கத்தை மட்டும் அளவுக்கு மீறி ஊதி, அங்குள்ள இரத்தத்தைக் கெட்ட பக்கத்துக்கே தள்ளிவிடவும் கூடும்.

தூய ஆக்சிஜனை நீண்ட நேரம் தொடர்வதற்கும் ஒரு விலை உண்டு. அறைகளை விரித்து வைத்திருப்பதில் நைட்ரஜனுக்குப் பங்கு உண்டு, ஏனெனில் அதை இரத்தம் வேகமாக உறிஞ்சாது. நைட்ரஜன் முழுதும் வெளியேறி ஆக்சிஜன் மட்டுமே இருக்கும் குறுகலான அறையில், உள்ளே வருவதைவிட வேகமாக இரத்தம் ஆக்சிஜனை உறிஞ்சிவிட்டால் அந்த அறை மூடிக்கொள்ளும். நேற்று வரை பொருத்தமின்மையாக இருந்தது இன்று ஷண்ட் ஆகிவிடும்.

குழந்தை நீலமாக இருக்கிறது, நுரையீரல் எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது, ஆக்சிஜனுக்கு அசையவே இல்லை. அதுவும் ஷண்ட்டா?

இருக்கலாம், ஆனால் இதயத்துக்குள். சில பிறவிக் கோளாறுகளில் வலப்பக்கத்துச் சிரை இரத்தம் நுரையீரலுக்குப் போகாமலேயே இடப்பக்கம் கலந்துவிடும். கணக்கு அதேதான், இடம்தான் வேறு. தாமதமின்றி எக்கோ எடுக்க வேண்டும்.

குளிருக்குக் கரிச் சட்டியை அறைக்குள் வைத்துத் தூங்கியவருக்குத் தலைவலி, மயக்கம். ஆக்சிமீட்டர் 96 காட்டுகிறது. அப்படியானால் ஆக்சிஜன் தேவையில்லையே?

தேவை, அதுவும் உடனே, முழு அளவில். இது இந்த இரு வகையிலும் சேராது. கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டுவிட்டது. சாதாரண ஆக்சிமீட்டருக்கு அதையும் ஆக்சிஜனையும் பிரித்தறியத் தெரியாது. திரையில் உள்ள எண்ணை மறந்துவிட்டு, சன்னலைத் திறந்து அவரை வெளியே கொண்டுவந்து, பையுள்ள முகக்கவசத்தில் ஆக்சிஜன் கொடுத்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

மேட்டுப்பாளையம் இறக்கிவிட்டாலே தானாக ஏறிவிடும் என்கிறார்களே, சிலிண்டர் இல்லாமல் கோவைக்குக் கொண்டுபோகலாமா?

இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. உதகையில் 112 ஆக இருக்கும் உள்மூச்சு ஆக்சிஜன் அழுத்தம், மலையடிவாரத்தில் 143-ஐ ஒட்டி வந்துவிடும். உதகையிலேயே 28 சதவீத ஆக்சிஜன் கொடுத்தால் அது 149. அதாவது மலையிறங்குவது என்பது மூக்குக் குழலில் ஏறத்தாழ 2 லிட்டர் ஆக்சிஜன் வைப்பதற்குச் சமம். விறகடுப்பு அம்மாவுக்கு அது பெரிய உதவி. அடிவாரத்தில் அவர் சாதாரணக் காற்றிலேயே 90-ஐ நெருங்குவார். ஆனால் குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும்வரை அவர் மலையில்தான் இருக்கிறார் என்பதால் அவருக்கும் வழியில் ஆக்சிஜன் வேண்டும்.

விவசாயிக்கு இறக்கம் என்ன தரும்? நல்ல ஆறு பங்கு 93-இலிருந்து 97 ஆகும். மொத்தத்தில் 77 என்பது 81 ஆகும். அவ்வளவுதான். மண் சரிந்த பாதை அடிவாரத்திலும் மூடித்தான் இருக்கும்.

ஆகவே புறப்படும் முன் சிலிண்டரைக் கணக்கிட வேண்டும். ஆம்புலன்ஸில் வைக்கும் பி வகைச் சிலிண்டர் நிறைந்திருந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர் தரும். அம்மாவுக்கு 2 லிட்டர் வீதம் அது பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். விவசாயிக்கு 15 லிட்டர் வீதம் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும்; உதகையிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். வழியில் மரம் விழுந்தாலோ பனிமூட்டம் இறங்கினாலோ இன்னும் கூடும். அவருக்கு மூன்று நிறைந்த சிலிண்டர்கள் வண்டியில் இருக்க வேண்டும். அவற்றை மாற்றத் தெரிந்தவர் ஒருவர் பின்னால் அமர்ந்திருக்க வேண்டும். வண்டியின் படுக்கையிலும் அவர் இடப்பக்கமே சாய்ந்திருக்க வேண்டும்.